பத்துக்குப் பத்து வாங்குகிறவள் எழுதிய லீவ் லெட்டர்

*என் மகள் ஏழாம் வகுப்பு. மாமியார் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். பனியன் கம்பெனியில் எனக்கு ஒன்றரை ஷிஃப்ட் விழும் நாட்களில் மகள்தான் பள்ளிக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் நான் எழுதியதுபோல லீவ் லெட்டர் எழுதி, என் கையெழுத்தையும் போட்டுப் பள்ளியில் கொடுத்திருக்கிறாள். அதில் நிறைய எழுத்துப் பிழை. டிக்டேஷனில் எப்போதும் பத்துக்குப் பத்து வாங்குகிற பெண்! டீச்சர் அவளிடம் ஒன்றும் கேட்காமல், ராத்திரி நான் வரும்வரை எங்கள் வாசலில் காத்திருந்தார். அக்கம்பக்கத்தில் மானமே போய்விட்டது. அவளை அடித்துவிட்டேன். இந்தப் பொய்ப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது? லெட்டரையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.*
*— ஒரு தாய், திருப்பூர்*

பத்துக்குப் பத்து வாங்குகிறவள் ஏன் பிழையாக எழுதினாள்? அதை நீங்கள் கேட்கவே இல்லை. ஓர் ஆச்சரியக்குறி போட்டுத் தாண்டிவிட்டீர்கள்.

இரண்டு கடிதங்களையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உங்களுடையதைத் திருத்தித்தான் மேலே அச்சிட்டிருக்கிறோம். மகள் 'பல்லிக்கு' என்று எழுதியிருக்கிறாள், 'விடுமுரை', 'காச்சல்' என்று எழுதியிருக்கிறாள். நீங்களும் பள்ளி வரும் இடத்திலெல்லாம் 'பல்லி' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இதில் உங்களுக்கு வெட்கம் வேண்டாம். சீக்கிரம் படிப்பை விட்டவர்கள் காதில் விழுவதை எழுதுவார்கள்; ளகரமும் றகரமும்தான் முதலில் போகும். ஆனால் அவை உங்கள் மகளின் பிழைகள் இல்லை. மளிகைச் சீட்டில் உங்கள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, அம்மா எங்கே தவறுவாள் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறது அந்தக் குழந்தை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறது.

டீச்சர் எப்படிக் கண்டுபிடித்தார்? நானும் பல வருடம் தமிழ் நோட்டு திருத்தியவள், அதனால் சொல்கிறேன். தெரியாமல் தவறுகிறவர் கடைசி வரி வரைக்கும் தவறுவார். இந்தக் கடிதத்தில் மூன்றாவது வரி, 'விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' ளகரம் சரி, றகரம் சரி, ஒற்று ஒன்றுகூட விடவில்லை. வகுப்பில் பல தடவை எழுதிய வரி, கை தானாக ஓடிவிட்டது. அதற்குக் கீழே 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி'. அப்புறம் 'மாணவி'யை அடித்துவிட்டு மேலே 'அம்மா'. காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்திருக்கிறாள்.

நானாக இருந்தால் அடுத்து வருகைப் பதிவேட்டைப் புரட்டியிருப்பேன். காய்ச்சல்காரப் பிள்ளை சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று நாள் வராது. வேலைக்காக நிறுத்தப்படும் பிள்ளை ஒருநாள் வரும், ஒருநாள் வராது. அந்த டீச்சர் சிவப்பு மையால் வட்டம் போடவில்லை, வகுப்பில் எழுப்பி நிற்கவைக்கவில்லை. இருட்டில் உங்கள் வாசலில் நின்றார். நீங்கள் மானத்தைப் பற்றி எழுதுகிறீர்கள்!

'பாட்டியைப் பார்க்க நின்றேன்' என்று எழுதினால் நிறுத்தியது யார் என்ற கேள்வி வரும். அது வரக்கூடாது என்றுதான் தனக்குக் காய்ச்சல் என்று எழுதினாள். உங்களைக் காப்பாற்றச் சொன்ன பொய்க்கு உங்கள் கையாலேயே அடி வாங்கியிருக்கிறாள். முதலில் அவளைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் உங்கள் கணவர் ஒரு வார்த்தையில்கூட வரவில்லை. படுத்திருப்பது அவரைப் பெற்றவள். பெற்றவளுக்குச் செய்வது பிள்ளையின் கடமை, அதற்குப் பிறகுதான் மருமகள். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசலாம், தண்ணீர் கொடுக்கலாம். இடுப்பு முறிந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதுகின் கீழ்ப்பக்கமும் குதிகாலும் சிவந்து புண்ணாகிவிடும். பன்னிரண்டு வயதுப் பெண் தனியாக எப்படிப் புரட்டுவாள்? தப்பாக இழுத்தால் கிழவிக்கும் வலி, இவளுக்கும் முதுகு போகும். கிழவியின் பின்புறத்தை இன்றே பாருங்கள். சிவந்த இடம் அழுத்தினாலும் வெளுக்கவில்லை என்றால் புண் ஆரம்பித்துவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயரைப் பதியுங்கள். 2021-இல் வந்த திட்டம். படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், உடற்பயிற்சியும் சொல்லித் தருவார்கள். அவர்கள் வந்து போகிறவர்கள்தான், நாள் முழுக்க உட்கார மாட்டார்கள். அதனால் ஒன்றரை ஷிஃப்டை ஒரு ஷிஃப்டாகக் குறைப்பது நீங்களா அவரா என்று இன்று ராத்திரியே கணவரோடு பேசி முடியுங்கள். பணம் குறையும். குறையட்டும். பதினான்கு வயது வரை பள்ளிக்கூடம் அவளுக்குச் சட்டம் கொடுத்த உரிமை, நீங்கள் கொடுக்கும் சலுகை அல்ல.

இனி அவளுக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தால் லீவ் லெட்டரை நீங்கள் எழுதுங்கள். 'பல்லிக்கு' என்றே இருக்கட்டும். அந்த டீச்சர் படித்துக்கொள்வார்.