ஈராண்டுக்குள் இறப்பு: காப்புறுதி நிறுவனம் மருத்துவமனைப் பதிவுகளைக் கேட்டால்

"காப்புறுதி எடுத்த 14ஆம் மாதத்தில் என் கணவர் மாரடைப்பால் இறந்துவிட்டார். தொகை 60,000 ரிங்கிட். மருத்துவமனைப் பதிவுகள் வேண்டும், விண்ணப்பத்தையும் சரிபார்க்க வேண்டும் என்று நிறுவனம் எழுதியிருக்கிறது. அவருக்கு இனிப்பு நீர் உண்டு என்பது முகவருக்குத் தெரியும். படிவத்தை நிரப்பியதும் அந்த முகவர்தான். பணம் கிடைக்காதா?" – வாசகி, சுங்கை சிப்புட்

சகோதரி, அக்கடிதம் மறுப்பு அன்று. காப்புறுதி ஈராண்டைக் கடந்துவிட்டால், தவறான பதிலைக் காட்டிப் பணத்தை மறுக்க, மோசடி நடந்ததென்று நிறுவனம் நிரூபித்தாக வேண்டும். அதற்குள் இறப்பு நேர்ந்தால், கவனக்குறைவான தவறான பதிலையும் அது எதிர்வாதமாக வைக்கலாம். ஆகவே, படிவத்தில் எழுதிய பதிலையும் கிளினிக்கில் இனிப்பு நீர் முதன்முதலில் பதிவான தேதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

முதலில் விண்ணப்பப் படிவத்தின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டப்படி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொல்வதே விண்ணப்பதாரரின் கடமை. நோய் கண்டறியப்பட்டது கையெழுத்துக்குப் பிறகு என்றால், அங்கே பொய் ஏதுமில்லை. முன்பே இருந்தும் கவனக்குறைவால் விடுபட்டிருந்தால், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்பதே கணக்கு. மாதம் 80 ரிங்கிட் கட்டிய இடத்தில் 120 கேட்டிருப்பார்கள் என்றால், மூன்றில் இரண்டு பங்கான 40,000 ரிங்கிட் உங்களுக்குச் சேர வேண்டும். விண்ணப்பத்தையே ஏற்றிருக்க மாட்டார்கள் என்றால், கட்டிய சந்தா மட்டும் திரும்பும். தெரிந்தே மறைத்ததாகவோ, உண்மையா பொய்யா என்று கவலைப்படாமல் பதில் சொன்னதாகவோ நிரூபித்தால், சந்தாவும் திரும்பாமல் முழுவதையும் மறுக்கலாம்.

உங்கள் வழக்கின் உயிர்நாடி முகவர்தான். நிறுவனம் அங்கீகரித்த முகவர் தாமே படிவத்தை நிரப்பியிருந்தால், அவர் அறிந்தது நிறுவனமும் அறிந்ததாகவே சட்டம் கருதும். விண்ணப்பதாரர் அவரோடு கூடி மறைத்திருந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு நில்லாது. தோட்டங்களில் மலாய்ப் படிவத்தைப் படித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கும் வழக்கத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்து வருகிறேன். முகவரின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். யார் எழுதியது, என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பவற்றை இன்றே தேதியோடு எழுதி வையுங்கள். அவர் எழுதித் தரும் வாக்குமூலத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.

பதிவுகளைப் பெறும் அனுமதிப் படிவத்தில் கையெழுத்திடுங்கள். ஆனால் மருத்துவமனையின் பெயர் வெற்றிடமாக இருக்கக் கூடாது. ரிப்போட்டை விரைவாக எடுத்துத் தருகிறேன், கிடைப்பதில் 20 விழுக்காடு போதும் என்று வரும் தரகரிடம் அசல் இறப்புச் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள். மாதம் ஒரு காகிதமாகக் கேட்டு இழுத்தடிக்கும் வழக்கத்துக்கு இடம் கொடுக்காமல், தேவையான ஆவணங்கள் அனைத்தையும் ஒரே பட்டியலாக எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் தவறு என்பதை எழுத்தில் பெற்று, ஆறு மாதத்துக்குள், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் அமைப்பான ஃபைனான்சியல் மார்க்கெட்ஸ் ஓம்புட்ஸ்மன் சர்வீஸிடம் முறையிடுங்கள். அங்கே 250,000 ரிங்கிட் வரையிலான காப்புறுதிப் புகாருக்கு உங்களிடம் கட்டணம் வாங்குவதில்லை.