கொள்கலனுக்குள் பெய்த மழைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: பாகான் டத்தோவில் தென்னை நார்ப் பாய் பட்டறை வைத்திருக்கிறோம். ஜனவரியில் 8 டன் பாய்களை 20 அடி கொள்கலனில் நாங்களே அடுக்கி, சீல் வைத்து, கிள்ளான் துறைமுகம் வழியாக ஹாம்பர்க் அனுப்பினோம். ஈரம் உறிஞ்சும் டெசிகண்ட் பைகள் 6 கிலோவும் தொங்கவிட்டோம். திறந்தபோது மேல்வரிசைப் பெட்டிகள் நனைந்திருந்தன, பாய்களில் பூஞ்சை. கப்பல் நிறுவனமும் காப்புறுதி நிறுவனமும் கைவிரிக்கின்றன. சரக்கு சேர்ந்து எட்டு மாதமாகிறது. யார் மீது வழக்குப் போடலாம் ஐயா?

பதில்: முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். 1950-ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்கேற்றச் சட்டப்படி, ஹாம்பர்க்கில் சரக்கு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் கப்பல் நிறுவனத்தின் மீது வழக்குப் பதிவாகியிருக்க வேண்டும். புகார்க் கடிதங்கள் அந்தக் கெடுவை நிறுத்தாது. பேச்சு இழுத்தால், கெடுவை நீட்டித்ததாக அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் முழு வழக்கும். நம்மூர் வெக்கையில் அடைத்த கொள்கலன் ஐரோப்பியக் குளிரைத் தொட்டதும் கூரைத் தகடு குளிர்ந்து, உள்ளே உள்ள ஈரக்காற்று அதில் நீராகப் படிந்து சொட்டும். ஆனால் 20 அடிக் கொள்கலனின் காற்று மட்டும் தாங்கும் நீர் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். மிச்சமெல்லாம் சரக்கும் மரப் பேலட்டும் விட்டது. உங்கள் பாய்கள் எடையில் ஒரு சதவீத ஈரம் விட்டாலே 80 லிட்டர். டெசிகண்டில் கால்சியம் குளோரைடு ரகம் தன் எடையைப் போல ஓரிரு மடங்கு உறிஞ்சும்; 6 கிலோ அதற்கு எம்மாத்திரம்? சிலிக்கா ஜெல் என்றால் இன்னும் குறைவு.

கூரைத் தகட்டின் வரிகளை ஒட்டி மட்டும் கறை இருந்தால் அது சொட்டிய நீர். ஒரே மூலையோ கதவோரமோ நனைந்திருந்தால் ஓட்டையையோ கதவு ரப்பரையோ சந்தேகிக்கலாம். சேதத்தைப் பார்வையிட்ட ஹாம்பர்க் சர்வேயர், உப்பைக் காட்டும் வெள்ளி நைட்ரேட் சோதனை செய்து, 'கடல்நீர்' என்று எழுதியிருந்தால் உடனே மகிழ வேண்டாம். கசிந்த கால்சியம் குளோரைடு பையும், உப்புநீரில் ஊறவைத்த நாரும் அதே வெண்ணிறப் படிவைத்தான் காட்டும். கதவைச் சாத்தி, உள்ளே வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்த்த குறிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஓட்டைக்கு ஆதாரம் இருந்தால் கப்பல் நிறுவனத்தின் மீது வழக்கு நிற்கும். சொட்டுநீர் மட்டும் என்றால் கடினம். கொலம்பியக் காப்பிக்கொட்டை வழக்கில் 2018-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், போதிய கவனம் எடுத்ததைக் கப்பல் நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்றது உண்மை. ஆனால் அங்கே கொள்கலனை அடுக்கியது கப்பல் தரப்பு. இங்கே அடுக்கியது நீங்கள். போதாத பாக்கிங் என்ற எதிர்வாதம் அவர்களுக்குத் தயாராக இருக்கிறது.

காப்புறுதியாளரும் அதையேதான் சொல்வார், கூடவே சரக்கின் இயல்பான குறை என்றும். உங்கள் பாலிசியில் இவ்விரண்டு விலக்குகளும் இருக்கின்றனவா, இப்படிச் சொட்டும் நீரால் வரும் 'வியர்வை' சேதத்துக்குத் தனிச் சேர்ப்பு உண்டா என்று பாருங்கள். ஏற்றிய அன்று பாய்களிலும் பேலட்டுகளிலும் எடுத்த ஈரமானி அளவுகள் கையில் இருந்தால் அவற்றோடு காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதுங்கள். இல்லையென்றால் சமரசத் தொகை பேசுவதே புத்திசாலித்தனம். வழக்குச் செலவு பாய்களின் விலையைத் தாண்டிவிடும்.