பட்டனை அழுத்தினால் செய்தி யாருக்குப் போகும்?

"சாங்கி விமான நிலையத்தில் கடை வேலை. ஷிஃப்ட் முடிய இரவு பதினொன்றைத் தாண்டிவிடும். தெம்பனிஸில் பஸ்ஸை விட்டு இறங்கி, புளோக்குகளுக்கு நடுவே தனியாக நடக்கணும். ஐஃபோனில் எமர்ஜென்சி பட்டனுக்குத் தஞ்சாவூரில் இருக்கும் அம்மா நம்பரைக் கொடுத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனும் அனுப்புகிறேன். இது போதுமா அக்கா?" – வாசகி, தெம்பனிஸ்

முதலில் அந்த நம்பரை மாற்றுங்கள். பக்கவாட்டு பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் கவுண்ட்டவுன் ஓடும். அது முடிந்து விரலை எடுத்ததும் அவசர எண்ணுக்கு அழைப்பு போகும். அழைப்பு முடிந்த பிறகுதான் உங்கள் இருப்பிடத்தோடு ஒரு செய்தி அவசரத் தொடர்புகளுக்குக் கிளம்பும். அதைத் தஞ்சாவூரில் பார்க்கும் அம்மா என்ன செய்வார்? அங்கிருந்து 999 அடித்தால் சிங்கப்பூர் போலீஸ் எடுக்காது. பத்து நிமிடத்தில் ஓடிவரக்கூடிய அறைத்தோழியையோ, பக்கத்து புளோக் அக்காவையோ Health செயலியின் Medical ID பக்கத்தில் சேருங்கள். அம்மாவும் இருக்கட்டும், ஆனால் அவர் மட்டும் போதாது.

கவுண்ட்டவுனில் சைரன் அலறும். வெளியே அது உதவலாம். லிஃப்டுக்குள்ளோ காருக்குள்ளோ ஒருவன் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம் என்று தோன்றினால், Settings-இல் Emergency SOS போய் Call Quietly-ஐப் போட்டு வையுங்கள்.

பேசவே முடியாத நிலைமை என்றால் சிங்கப்பூர் போலீஸின் 70999 எண்ணுக்கு எஸ்எம்எஸ். இதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். ஆனால் எங்கே இருக்கிறீர்கள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். நம் ஊரில் புளோக் நம்பரும் தெருவும் போதும், போலீஸ் வந்துவிடும். இப்போதே நோட்ஸில் இப்படி ஒன்றை எழுதி வையுங்கள்:

```
Blk ___ Tampines St ___, void deck.
Man following me. Cannot talk.
```

நடக்கும் வழியில் வரும் புளோக் எண்களை ஒருநாள் பகலில் கவனித்துக்கொள்ளுங்கள். லாக் ஸ்கிரீனில் கேமரா பட்டன் இருக்கும் இடத்தில் நோட்ஸை வைத்தால் தேட வேண்டாம். iOS 18 முதல் மாற்றலாம். டார்ச் பட்டனை மட்டும் நீக்காதீர்கள்.

அப்புறம் லைவ் லொகேஷன். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்றே அளவு. உங்களுக்கு 1 மணி சரி. புள்ளி நகரவில்லை என்றால் ஆபத்து என்று அர்த்தமில்லை. லிஃப்டுக்குள் சிக்னல் போனாலும் அப்படியே நிற்கும். தவிர, யாராவது திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் இதில் பலவீனம்.

அந்தத் தோழியிடமும் ஐஃபோன், இருவரிடமும் iOS 17 அல்லது அதற்கு மேல் இருந்தால், Messages-இல் உள்ள Check In இதைவிட நல்லது. பஸ் ஏறும்போது வீட்டைச் சேருமிடமாகப் போடுங்கள். வந்துசேர்ந்ததும் அதுவே தோழிக்குச் சொல்லிவிடும். தாமதமானால் முதலில் உங்களைக் கேட்கும். 15 நிமிடம் பதில் இல்லையென்றால் இருப்பிடம், பேட்டரி அளவெல்லாம் அவளுக்குப் போகும்.

பட்டனைப் பழகிப் பார்க்கும்போது, திரையில் ஸ்லைடர் வந்ததும் விரலை எடுத்துக் கேன்சல் செய்யுங்கள். அதன்பின் முகம் காட்டினால் திறக்காது, பாஸ்கோடுதான் கேட்கும்; அது கோளாறு அல்ல.