ஸ்லைடில் இருப்பது வாக்கியமாகும்போது

"எங்கள் குழுவின் இட்லி மாவு பாக்கெட் திட்டம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் முதல் சுற்றைத் தாண்டிவிட்டது. 12 ஸ்லைடுகளை இப்போது 15 பக்க அறிக்கையாக எழுதித் தரச் சொல்கிறார்கள். எழுத உட்கார்ந்தால், பல ஸ்லைடுகளுக்கு எங்களிடம் ஆதாரமே இல்லை என்று தெரிகிறது. அதை அறிக்கையில் சொல்லலாமா? மதிப்பெண் போய்விடாதா?"

சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் கேள்வி நேரத்தில் நடுவர் கண்டுபிடிப்பார். அப்போது மற்ற எண்களையும் நம்பமாட்டார். நடுவராக உட்கார்ந்த இடங்களில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஸ்லைடில் உள்ள ஒவ்வொரு வரியையும் எழுவாயும் வினைமுற்றும் உள்ள முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய ஸ்லைடில் "82% பேர் வாங்கத் தயார்" என்று இருக்கிறது. யார், எத்தனை பேர், எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதினால் அது இப்படி ஆகும்: "எங்கள் வகுப்பிலும் விடுதியிலும் 50 பேருக்கு கூகுள் படிவம் அனுப்பினோம். 41 பேர் வாங்குவோம் என்றார்கள்." விடுதியில் இருப்பவர் யாரும் மாவு வாங்குவதில்லை. இந்த ஓட்டை ஸ்லைடில் தெரியவில்லை, வாக்கியத்தில் தெரிகிறது. அறிக்கையில் இதைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அந்த இரண்டு வாக்கியங்களை எழுதி, "வீட்டுக்கு மாவு வாங்குபவர்களிடம் இன்னும் கேட்கவில்லை" என்று மூன்றாவதையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படி எழுதும்போது ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் ஒரு சொல் குறியுங்கள்: அளந்தது, கேட்டது, அனுமானம். குறிப்பு அந்தப் பத்தியிலேயே இருக்கட்டும். பின்னிணைப்பில் தள்ளினால் ஒளித்துவைத்தது போல ஆகிவிடும்.

அதிக நேரம் செலவிட வேண்டியது லாப ஸ்லைடில். ஒரு கிலோ பாக்கெட்டுக்குச் செலவு 30 ரூபாய், விலை 50 ரூபாய், லாபம் 20 ரூபாய் என்று போட்டிருக்கிறீர்கள். செலவை அரிசி, உளுந்து, கரண்ட், பாக்கெட் என்று கணக்கிட்டிருப்பதால் அது அளந்தது. ஆனால் 50 ரூபாய் உங்கள் கைக்கு வராது. கடைக்காரருக்கு 15 சதவீதம் கமிஷன் என்று வைத்தால் வருவது 42.50. விற்காத பாக்கெட்டைக் கடைக்காரர் திருப்பிக் கொடுப்பார், மாவு வியாபாரத்தில் அந்த நஷ்டம் உங்களுடையது. வண்டிச் செலவும் ஸ்லைடில் இல்லை.

ஒரு நாளைக்கு 100 பாக்கெட் போட்டு, 12 திரும்பி வருகிறது, வண்டிக்கு 400 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். விற்ற 88 பாக்கெட்டில் வருவது 3,740 ரூபாய். தயாரிப்புக்கு 3,000, வண்டிக்கு 400 போக மிச்சம் 340. விற்ற பாக்கெட் ஒன்றுக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. திரும்பி வருவது 20 ஆனால் மிச்சம் பூஜ்யம்.

கமிஷன், திரும்பி வருவது, வண்டி மூன்றும் இப்போதைக்கு அனுமானம்தான். அனுமானம் என்று குறித்தால் மட்டும் போதாது, அது எவ்வளவு தவறினால் திட்டம் தாங்காது என்பதையும் எழுத வேண்டும். "100க்கு 20 பாக்கெட் திரும்பினால் எங்களுக்கு மிச்சம் இல்லை. 2 கடைகளில் தினம் பத்துப் பத்து பாக்கெட் வைத்து 14 நாள் எண்ணிப் பார்க்கப்போகிறோம்" என்பது நடுவர் நம்பக்கூடிய பத்தி. சமர்ப்பிக்க நாள் இருந்தால் எண்ணிவிட்டே எழுதுங்கள். அந்த வரி அளந்ததாக மாறிவிடும்.

"நகரத்துக் குடும்பங்களில் 1% பிடித்தால் போதும்" என்ற ஸ்லைடை எடுத்துவிடலாம். உங்கள் கிரைண்டர் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ அரைக்கும், ஒரு வண்டி காலைக்குள் எத்தனை கடைக்குப் போகும் என்பதிலிருந்து விற்பனையைக் கணக்கிடுங்கள்.

ஒரு கூற்றை மட்டும் அனுமானம் என்று குறித்துக்கூட வைக்காதீர்கள்: "10 நாள் கெடாது." ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மாவு புளிப்பது நிற்காது, மெதுவாகும், அவ்வளவுதான். இரவில் ஃப்ரிட்ஜை அணைத்துவைக்கும் கடைகளும் உண்டு. சாப்பிடுபவர் உடம்பைத் தொடும் விஷயம் இது. ஆய்வகப் பரிசோதனை முடிவு கையில் வரும்வரை நாள் கணக்கே வேண்டாம், பரிசோதனைக்குக் கொடுக்கப்போவதை மட்டும் எழுதுங்கள். உரிமமும் அப்படித்தான். விண்ணப்பித்திருந்தால் விண்ணப்பித்தோம் என்றுதான் எழுத வேண்டும், வாங்கிவிட்டது போல அல்ல.

சுருக்கப் பக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். முடிந்ததும் ஸ்லைடுகளையும் திருத்திவிடுங்கள். திரையில் 20 ரூபாய் லாபமும் நடுவர் கையில் உள்ள அறிக்கையில் நான்கு ரூபாயும் இருந்தால், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.