நேர்ப் படத்திலிருந்து முக்கால் பக்க முகம்

"தாத்தாவின் பாஸ்போர்ட் படம் ஒன்றுதான் இருக்கிறது. மென்பொருளில் முகத்தைத் திருப்பி உருவாக்கினால் அவர் மாதிரியே இருக்குமா?"

லேசாகத் திருப்பினால் பெரும்பாலும் இருக்கும். 45 டிகிரி என்றால் பாதி ஊகம்தான். கண்களின் இடைவெளி, வாயின் அகலம் படத்திலேயே தெரிகின்றன. மூக்கு எவ்வளவு முன்னால் நீள்கிறது என்பது சரியாகத் தெரியாது. நிழல் கொஞ்சம் துப்புத் தரும், ஆனால் பாஸ்போர்ட் படத்தில் பெரும்பாலும் நிழல் குறைவாகத்தானே இருக்கும்! தெரியாத அந்த இடத்தை மென்பொருள், தான் பார்த்துப் பழகிய முகங்களை வைத்து நிரப்பிவிடும். மூக்கின் நீட்டத்தில் 4 மி.மீ. தவறினால், 45 டிகிரியில் நுனி கிட்டத்தட்ட 3 மி.மீ. தள்ளிப்போகும். வீட்டாருக்கு அதுவே "யாரோ மாதிரி" தோன்றும்.

முதலில் உங்கள் அப்பாவின் நேர்ப் படத்தைக் கொடுத்துத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் அவருடைய உண்மையான பக்கவாட்டுப் படத்தோடு மூக்கு, தாடையை ஒப்பிடுங்கள்.