நேரம் மாற்றும் லிங்க்: வரம்பை எப்படி எழுதுவது?

"பல் கிளினிக் உறுதிச் செய்தியில் நேரம் மாற்றும் லிங்க் வைக்கிறோம். 2 முறைதான் மாற்றலாம் என்பதைக் கறாராகத் தெரியாமல் எப்படி எழுதுவது?"

'அதிகபட்சம்', 'மட்டுமே' எல்லாம் வேண்டாம். மிச்சம் எத்தனை என்று சொல்லுங்கள். கெடுவையும் '24 மணி நேரத்துக்கு முன்' என்று விடாமல் கிழமை, மணியோடு எழுதுங்கள். இப்படி:

"வியாழன் மாலை 5:30-க்கு உங்கள் நேரம் உறுதி. மாற்ற வேண்டுமா? புதன் மாலை 5:30 வரை இந்த லிங்க்கில் நீங்களே மாற்றலாம். புது நேரம் உறுதியாகும் வரை பழைய நேரம் அப்படியே இருக்கும். இன்னும் 2 முறை மாற்றலாம். அப்புறம் போன் செய்யுங்கள்."

'பழைய நேரம் அப்படியே' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். தொட்டாலே இடம் போய்விடுமோ என்று சிலர் லிங்க்கைத் திறக்காமலே விட்டுவிடலாம்.

மாற்றியபின் போகும் செய்தியில் எண் 1 ஆக வேண்டும். இரண்டும் தீர்ந்ததும் லிங்க்கை எடுத்துவிட்டு போன் நம்பரைப் போடுங்கள்.