எல்லாமே மாவட்டம்தானா?

கேள்வி: வெளிநாட்டுச் செய்திகளில் கவுன்டி, பிரிஃபெக்சர், கேன்டன், கொம்யூன் என்று வருகிறது. எல்லாவற்றையும் 'மாவட்டம்' என்றே எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: செய்தியே தவறாகிவிடும். பரப்பையும் மக்கள்தொகையையும் பார்த்து ஒப்பிடுவதால் வரும் வினை இது. சட்டம் இயற்றுவது யார், தலைமைப் பதவிக்கு ஆளை அனுப்புவது யார் என்று பாருங்கள்.

சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் இன்னர்ரோடன் கேன்டனில் சுமார் 16 ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள். நம் ஊரில் அது ஒரு பேரூராட்சி அளவு. ஆனால் அதற்குத் தனி அரசியலமைப்பு, சட்டமன்றம், நீதிமன்றம், காவல்துறை எல்லாம் உண்டு. வருமான வரியும் விதிக்கிறது. தேசியத் தேர்தல்களில் பெண்களுக்கு 1971-இலேயே வாக்குரிமை வந்துவிட்டது. இந்தக் கேன்டனோ தன் தேர்தல்களில் அதைத் தர மறுத்துக்கொண்டே இருந்தது. 1990-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே வழிக்கு வந்தது. எந்த மாவட்டமாவது நாட்டை எதிர்த்து இத்தனை காலம் நிற்க முடியுமா? அது மாநிலம், நம் மாநிலங்களைவிடவும் அதிகாரம் கூடியது என்பேன்.

எல்லை தாண்டிப் பிரான்சுக்குப் போனால், கேன்டன் என்பது வெறும் தேர்தல் தொகுதி. மாவட்ட மன்றத்துக்கு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் இணையாகத் தேர்ந்தெடுத்து அனுப்புவதே அதன் வேலை. வரியும் கிடையாது, நிர்வாகமும் கிடையாது. பிரான்சில் நம் மாவட்டத்துக்கு நிகரானது 'தெபார்த்மான்'. மத்திய அரசு நியமிக்கும் பிரிஃபெக்ட் அங்கே ஏறக்குறைய நம் கலெக்டர். நெப்போலியன் 1800-இல் உண்டாக்கிய பதவி. 1982 வரை தெபார்த்மானின் நிர்வாகமே அவர் கையில்தான் இருந்தது. பிறகு அது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத் தலைவருக்குப் போனது. சட்டம் ஒழுங்கு இன்றும் பிரிஃபெக்டிடமே இருக்கிறது.

ஜப்பானின் 47 பிரிஃபெக்சர்களை இதோடு குழப்பக் கூடாது. அங்கே ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனாலும் ஜப்பான் ஒற்றையாட்சி நாடு. தேசியச் சட்டம் வரைந்த கோட்டைப் பிரிஃபெக்சர் தாண்ட முடியாது. மாவட்டத்துக்கு மேலே, மாநிலத்துக்குக் கீழே என்று வையுங்கள். அமெரிக்கக் கவுன்டியை மாவட்டம் என்று எழுதலாம். சீனாவில் கவுன்டி என்று ஆங்கிலப்படுத்தப்படுவது மாகாணத்துக்கும் அதன் அடுத்த அடுக்குக்கும் கீழே வருவதால், வட்டம் என்பதே நெருங்கி வரும்.

கொம்யூன் உங்களுக்கு அந்நியமானதல்ல. கும்பகோணத்திலிருந்து காரைக்கால் போனால் திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி எல்லாம் கொம்யூன் பஞ்சாயத்துகள். பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற பெயர். இங்கே பல கிராமங்கள் சேர்ந்தது ஒரு கொம்யூன். பிரான்சிலோ சிற்றூரும் கொம்யூன், பாரிஸ் மாநகரமும் கொம்யூன். சுமார் 35 ஆயிரம் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர். முதல் உலகப் போரில் வெர்தன் அருகே தரைமட்டமான ஆறு ஊர்களில் இன்று ஒருவர்கூடக் குடியில்லை. அவற்றையும் பிரான்ஸ் கொம்யூன்களாகவே வைத்திருக்கிறது. வாக்களிக்க ஆளில்லாததால் மேயர்களைப் பிரிஃபெக்ட் நியமிக்கிறார்.